காண்ட்ராக்ட் நோட்டின் கடைசி வரி லாபத்தைச் சொல்லுமா?

ஆப்ஷன் வாங்கி விற்பவர்களுக்கு அன்று இரவே தரகரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்துவிடும். பாஸ்வேர்டு போட்டுத் திறக்க வேண்டிய பி.டி.எஃப் அதில் இருக்கும். அதுதான் காண்ட்ராக்ட் நோட். வர்த்தகம் நடந்த 24 மணி நேரத்துக்குள் தரகர் அதை அனுப்பியாக வேண்டும் என்பது விதி. பலர் அதைத் திறப்பதே இல்லை. திறப்பவர்களும் நேராகக் கடைசி வரிக்குப் போய், 'உங்களுக்கு வர வேண்டியது இவ்வளவு' என்று இருந்தால் லாபம், 'நீங்கள் தர வேண்டியது இவ்வளவு' என்று இருந்தால் நஷ்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த வரிக்கும் லாபநஷ்டத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அன்று ஒருநாள் உங்கள் கணக்கிலிருந்து எவ்வளவு பணம் போனது, எவ்வளவு வந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. இன்று வாங்கியதை நாளை விற்றால் இன்றைய நோட்டில் செலவு மட்டும் தெரியும், நாளைய நோட்டில் வரவு மட்டும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை நம்முடையது. ஒரே ஓர் உதாரணத்தை எக்ஸ்பைரி வரை பின்தொடர்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் கற்பனையானவை. லாட் அளவும் கட்டண விகிதங்களும் 2025-ன் கடைசி மாதங்களில் நடைமுறையில் இருந்தவை. இவை அடிக்கடி மாறும் என்பதால், உங்கள் கணக்குக்கு உங்கள் நோட்டில் உள்ள எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

புதன்: வாங்கிய நாள்

ஒரு டிரேடர் அடுத்த செவ்வாய்க்கிழமை முடியும் நிஃப்டி 25,000 கால் ஆப்ஷனில் இரண்டு லாட் வாங்குகிறார். ஒரு லாட் 75 யூனிட் என்பதால் மொத்தம் 150. செவ்வாய் அன்று நிஃப்டி 25,000-க்கு மேல் முடிந்தால், எத்தனை புள்ளி மேலே இருக்கிறதோ அத்தனை ரூபாய் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அவருக்குக் கிடைக்கும். 25,000 அல்லது அதற்குக் கீழே முடிந்தால் எதுவும் கிடைக்காது. இந்த உரிமைக்காக அவர் கொடுக்கும் விலைதான் பிரீமியம்.

அவர் போட்டது ஒரே ஆர்டர். ஆனால் நோட்டில் இரண்டு வரிகள் இருக்கின்றன. `NIFTY 25000 CE` என்ற பெயருக்கு எதிரே, வாங்கியதைக் குறிக்கும் `B` என்ற எழுத்தோடு, 75 யூனிட் 141.60 ரூபாய்க்கும், இன்னொரு 75 யூனிட் 142.40 ரூபாய்க்கும் பதிவாகியிருக்கிறது. சந்தையில் இரண்டு வெவ்வேறு விற்பனையாளர்களிடமிருந்து சரக்கு கிடைத்தால் இப்படித்தான் வரும். ஆர்டர் எண் ஒன்றாகவும் டிரேடு எண் வேறாகவும் இருப்பதை வைத்து இதைக் கண்டுகொள்ளலாம். முதல் வரிக்கு 10,620 ரூபாய், இரண்டாவதுக்கு 10,680 ரூபாய், மொத்தம் 21,300. யூனிட்டுக்குச் சராசரி 142 ரூபாய்.

அடுத்து, நோட்டின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டணங்கள். தரகு 20 ரூபாய். பங்குச் சந்தைக்கான பரிவர்த்தனைக் கட்டணம் பிரீமியத்தில் 0.03503 சதவிகிதம், அதாவது 7.46 ரூபாய். செபி கட்டணம் ஒரு கோடிக்கு 10 ரூபாய் என்பதால் இங்கே 2 பைசாதான். இந்த மூன்றின் மீது 18 சதவிகித ஜி.எஸ்.டி 4.95 ரூபாய். வாங்குபவர் மட்டும் கட்டும் முத்திரைக் கட்டணம் முழு ரூபாயாக்கி 1 ரூபாய். எல்லாம் சேர்த்து 33.43 ரூபாய். ஆகவே கடைசி வரியில் 'தர வேண்டியது 21,333.43' என்று நிற்கிறது.

இங்கே ஒரு சிறு பொறி உண்டு. சில தரகர்கள் தரகுக் கட்டணத்தை யூனிட் விலையோடு சேர்த்து 'நிகர விலை' என்ற தனிப் பத்தியில் காட்டுவார்கள். அந்த நிகர விலையை எடுத்துக்கொண்டு, கீழே உள்ள தரகையும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகிவிடும். யூனிட் விலையைக் கட்டணம் சேராத மொத்த விலைப் பத்தியிலிருந்து எடுத்து, செலவுகளைத் தனியாகக் கழிப்பது குழப்பமில்லாத வழி. அதே நோட்டில் பங்கு வர்த்தகமும் இருந்தால், ஆப்ஷனுக்கான பத்தியை மட்டும் பார்க்க வேண்டும்.

புதன் இரவு நிலவரப்படி அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு? வாங்கியது மட்டுமே இருக்கும்போது கணக்கு எளிது. ஆப்ஷன் பூஜ்யமாகிப் போனால் கொடுத்தது எல்லாம் போகும். அதாவது 21,333.43 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கூடப் போகாது.

பிரேக்ஈவன், அதாவது லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் தப்பிக்கும் புள்ளி, ஸ்ட்ரைக் விலையோடு பிரீமியத்தைக் கூட்டினால் வரும்: 25,142. செலவையும் சேர்த்தால் சற்று உயரும். வாங்கிய நாள் செலவு யூனிட்டுக்கு 22 பைசா. எக்ஸ்பைரி வரை வைத்திருந்து பணம் வந்தால், வரும் தொகையில் 0.125 சதவிகிதம் எஸ்.டி.டி வரி. இந்த இடத்தில் அது யூனிட்டுக்கு 18 பைசா. ஆக உண்மையான பிரேக்ஈவன் 25,142.40. புட் ஆப்ஷன் வாங்கியிருந்தால் கூட்டுவதற்குப் பதில் ஸ்ட்ரைக்கிலிருந்து கழிக்க வேண்டும்.

வியாழன்: பாதியை விற்ற நாள்

மறுநாள் நிஃப்டி 25,120-க்கு ஏறுகிறது. பிரேக்ஈவனை இன்னும் தொடவில்லை. ஆனாலும் ஆப்ஷனின் விலை 196 ரூபாய். இது எப்படி என்று புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள். பிரேக்ஈவன் என்பது எக்ஸ்பைரி அன்றைய கணக்கு. அதற்கு முன்பு ஆப்ஷன் விலைக்குள் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று, இப்போதே கையில் உள்ள 120 புள்ளி மதிப்பு. இன்னொன்று, மிச்சமிருக்கும் நாட்களில் இன்னும் ஏறலாம் என்பதற்காகச் சந்தை கொடுக்கும் 76 ரூபாய். இந்த இரண்டாவது பகுதி நாளாக நாளாகக் கரைந்து, எக்ஸ்பைரி அன்று பூஜ்யமாகும். எனவே நடுவில் விற்பவருக்கு 25,142 என்ற எண் பொருந்தாது. வாங்கிய விலையும் விற்ற விலையும்தான் கணக்கு.

நம் டிரேடர் ஒரு லாட்டை 196 ரூபாய்க்கு விற்கிறார். 75 யூனிட்டுக்கு 14,700 ரூபாய். விற்கும்போது முத்திரைக் கட்டணம் இல்லை. ஆனால் பிரீமியத்தில் 0.1 சதவிகிதம் எஸ்.டி.டி உண்டு: முழு ரூபாயாக்கி 15. தரகு, பரிவர்த்தனைக் கட்டணம், ஜி.எஸ்.டி எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 44.69 ரூபாய். அன்றைய நோட்டின் கடைசி வரி, 'வர வேண்டியது 14,655.31' என்கிறது.

இது லாபம் அல்ல. விற்ற லாட்டுக்குப் புதன்கிழமை செலவான தொகை 21,333.43-ல் பாதி, அதாவது 10,666.72. அதைக் கழித்தால் உண்மையான லாபம் 3,988.59 ரூபாய்.

இந்த எண்ணைத் தரகரின் செயலியில் உள்ள லாபநஷ்ட அறிக்கையோடு ஒப்பிட்டால் சில சமயம் ஒத்துவராது. அறிக்கைகள் பொதுவாக 'முதலில் வாங்கியது முதலில் விற்றது' என்ற முறையில் இருக்கும். அதன்படி விற்றது 141.60-க்கு வாங்கிய லாட். செலவு சேர்க்காத லாபம் 4,080 ரூபாய் என்று வரும். நாம் போட்ட சராசரிக் கணக்கில் அதே லாபம் 4,050. இந்த 30 ரூபாய் வித்தியாசம் அடுத்த லாட்டை விற்கும்போது சரியாகிவிடும். முறையை நடுவில் மாற்றினால்தான் கணக்கு கெடும்.

இப்போது கையில் ஒரு லாட் மிச்சம். இரண்டு நாள் வரவுசெலவையும் கூட்டினால், போனது 21,333.43, வந்தது 14,655.31. நிகரமாகப் போயிருப்பது 6,678.12 ரூபாய். மிச்சமுள்ள லாட் பூஜ்யமானால் மொத்த வர்த்தகத்திலும் நஷ்டமாகக்கூடிய உச்சத் தொகை இதுதான். அதை 75 யூனிட்டால் வகுத்தால் 89.04. எக்ஸ்பைரி வரியைச் சேர்த்து, மொத்த வர்த்தகத்தின் பிரேக்ஈவன் 25,089.15-க்கு இறங்கியிருக்கிறது.

மிச்ச லாட்டை மட்டும் தனியாகப் பார்த்தால் பழைய 25,142-தான். இரண்டும் சரியான எண்களே, ஆனால் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். மூன்றாவது ஓர் எண்ணும் உண்டு. 196 ரூபாய்க்கு விற்கக்கூடிய ஒன்றை விற்காமல் வைத்திருப்பது, அதை 196 கொடுத்து இன்று வாங்குவதற்குச் சமம். ஆகவே எக்ஸ்பைரி வரை வைத்திருப்பது லாபமா என்று முடிவெடுக்க 25,196-ஐத்தான் பார்க்க வேண்டும். பழைய விலையைப் பார்த்து 'இன்னும் லாபத்தில்தான் இருக்கிறோம்' என்று உட்கார்ந்திருப்பவர்கள் கரையும் அந்த 76 ரூபாயைக் கவனிப்பதில்லை.

வெள்ளி: இன்னொன்றை விற்ற நாள்

வெள்ளியன்று அவர் வேறொரு வேலை செய்கிறார். கையில் உள்ள 25,000 கால் அப்படியே இருக்க, 25,200 கால் ஒரு லாட்டை 58 ரூபாய்க்கு விற்கிறார். வாங்காததை விற்பதால், இப்போது அவர் ஒரு கடமையை ஏற்கிறார். நிஃப்டி 25,200-ஐத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு புள்ளிக்கும் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் அவர் கொடுக்க வேண்டும். பிரீமியமாக வந்தது 4,350. எஸ்.டி.டி 4 ரூபாய் உட்பட 29.39 செலவு போக, நோட்டின் கடைசி வரி 4,320.61 வரவு.

விற்பவருக்கு மார்ஜின் என்று ஒரு தொகை தரகரிடம் முடக்கப்படும். அது ஈடுதானே தவிர செலவு அல்ல. லாபநஷ்டக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

நோட்டில் இந்த வரியைத் தனியாகப் படித்தால், எல்லையில்லாத நஷ்டத்துக்கு இடமுள்ள வர்த்தகம் இது. புதன்கிழமை வரியோடு சேர்த்துப் படித்தால் கதை வேறு. 25,200-க்கு மேல் விற்ற ஆப்ஷனில் எவ்வளவு போகிறதோ அவ்வளவும் வாங்கிய ஆப்ஷனில் வந்துவிடும். அதிகபட்ச நஷ்டம் என்பது ஒரு வரியின் குணம் அல்ல. ஒரே சமயத்தில் திறந்திருக்கும் எல்லா வரிகளும் சேர்ந்ததன் குணம்.

இதைக் கணக்கிட எந்த நிஃப்டி அளவுகளை எல்லாம் சோதிக்க வேண்டும்? ஒரே எக்ஸ்பைரி கொண்ட ஆப்ஷன்களில் இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்கு நடுவே லாபநஷ்டம் நேர்க்கோட்டில்தான் ஏறி இறங்கும். வளைவது ஸ்ட்ரைக் விலைகளில் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு ஸ்ட்ரைக்கிலும், அவற்றுக்குக் கீழே ஓர் இடத்திலும், மேலே ஓர் இடத்திலும் போட்டுப் பார்த்தால் போதும்.

முதலில் மூன்று நோட்டுகளின் கடைசி வரிகளைக் கூட்டுவோம். 21,333.43 போனது. 14,655.31-ம் 4,320.61-ம் வந்தன. நிகரமாகப் போயிருப்பது 2,357.51 ரூபாய். நிஃப்டி 24,800-ல் முடிந்தால் இரண்டு ஆப்ஷன்களும் பூஜ்யம். நஷ்டம் 2,357.51. சரியாக 25,000-ல் முடிந்தாலும் அதேதான். 25,200-ல் முடிந்தால் 200 புள்ளிக்கு 15,000 ரூபாய் வரும். அதில் முன்பு போனதையும் வரியையும் கழித்தால் சுமார் 12,620 ரூபாய் லாபம். 25,500-ல் முடிந்தால் ஒன்றில் 37,500 வரும், இன்னொன்றில் 22,500 போகும். மிஞ்சுவது அதே 15,000. எஸ்.டி.டி மட்டும் சில ரூபாய் கூடும்.

ஆக, அதிகபட்ச நஷ்டம் 2,357.51 ரூபாய். அதை 75-ஆல் வகுத்து 25,000-உடன் கூட்டினால் பிரேக்ஈவன் சுமார் 25,031. நஷ்ட அபாயம் இவ்வளவு குறைந்ததற்கு விலையாக, 25,200-க்கு மேலான லாபத்தை அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார்.

மேல் ஓரத்தைச் சோதிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சிறு மாற்றம் போதும். வெள்ளியன்று அவர் விற்றது இரண்டு லாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் வரவு இன்னும் அழகாகத் தெரியும். ஆனால் 25,500-ல் ஒன்றில் 37,500 வரும், இன்னொன்றில் 45,000 போகும். நிஃப்டி மேலே போகப்போக நஷ்டம் கூடிக்கொண்டே இருக்கும், எல்லை கிடையாது.

செவ்வாய்: வரி வராத நாள்

எக்ஸ்பைரி அன்று நிஃப்டியின் இறுதி மதிப்பு 25,118.40. இது கடைசி நிமிட விலை அல்ல. குறியீட்டில் உள்ள பங்குகளின் கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் சராசரியிலிருந்து வருவது. திரையில் கடைசியாகப் பார்த்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் சில புள்ளிகள் தவறலாம்.

நிஃப்டி ஆப்ஷன்கள் பணமாகவே தீர்க்கப்படும். 25,000 காலுக்கு 118.40 வீதம் 8,880 ரூபாய் வருகிறது, எஸ்.டி.டி 11 ரூபாய் கழிகிறது. எக்ஸ்பைரிக்கும் தரகு வாங்கும் தரகர்கள் உண்டு. நம் உதாரணத்தில் அது இல்லை என்று கொள்வோம். 25,200 கால் மதிப்பில்லாமல் முடிகிறது.

பலரின் கணக்கு தப்புவது இங்கேதான். மதிப்பில்லாமல் முடிந்த ஆப்ஷனை யாரும் விற்கவோ திரும்ப வாங்கவோ இல்லை. அதனால் அதற்கு எதிர் வரி எந்த நோட்டிலும் சாதாரண வர்த்தகமாக வராது. வாங்கியதையும் விற்றதையும் ஜோடி சேர்த்துக்கொண்டே வருபவர், ஜோடி இல்லாத வரியைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடுவார். பூஜ்யத்துக்கு முடிந்ததாக அதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். வாங்கிய ஆப்ஷன் அப்படி முடிந்திருந்தால், விட்டுப்போவது முழு நஷ்டம்.

இறுதிக் கணக்கு இது. 8,880-ல் 11 போக 8,869. அதில் நிகரமாகப் போயிருந்த 2,357.51-ஐக் கழித்தால் லாபம் 6,511.49 ரூபாய். தனித்தனியாகப் பிரித்தும் சரிபார்க்கலாம். வியாழனன்று விற்ற லாட்டில் 3,988.59 லாபம். எக்ஸ்பைரி வரை வைத்திருந்த லாட்டில் 1,797.71 நஷ்டம். 25,200 காலில் 4,320.61 லாபம். கூட்டினால் அதே 6,511.49. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் எந்த வரியும் விடுபடவில்லை என்று பொருள். தரகரின் லெட்ஜரில் இந்த நான்கு நாள் வரவுசெலவும் இதே தொகையைக் காட்ட வேண்டும்.

நிஃப்டி 25,142-ஐத் தொடாமலே முடிந்தது. இரண்டாவது லாட் நஷ்டத்தில் முடிந்தது. ஆனாலும் மொத்தத்தில் லாபம்.

இந்த வர்த்தகத்தில் கட்டணமும் வரியும் சேர்ந்து 118.51 ரூபாய்தான். ஒரே வர்த்தகத்தில் இது பெரிதாகத் தெரியாது. தினமும் பத்து ஆர்டர் போடுபவருக்கு அப்படி இல்லை. 2023-24 நிதியாண்டில் எதிர்கால, ஆப்ஷன் வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்கள் சராசரியாக ஆளுக்கு 26,000 ரூபாயைப் பரிவர்த்தனைச் செலவாகவே கொடுத்ததாக செபியின் ஆய்வு சொன்னது. மூன்று நிதியாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 93 சதவிகிதத் தனிநபர்கள் நஷ்டமடைந்திருந்ததும் 2024 செப்டம்பரில் வெளியான அந்த ஆய்வில்தான் இருக்கிறது.

எல்லை எப்போது உடையும்?

'அதிகபட்ச நஷ்டம் 2,357 ரூபாய்' என்ற விடை, இரண்டு ஆப்ஷன்களும் சேர்ந்து இருக்கும்வரைதான் செல்லும். எக்ஸ்பைரிக்கு முன் லாபத்தை எடுத்துவிடலாம் என்று வாங்கிய 25,000 காலை மட்டும் விற்றுவிட்டால், விற்ற 25,200 கால் துணையில்லாமல் நிற்கும். அந்த நிமிடமே எல்லை காணாமல் போகும், மார்ஜினும் பல மடங்கு ஏறும். எனவே வெளியேறும்போது விற்றதை முதலில் திரும்ப வாங்கிவிட்டு, வாங்கியதைப் பிறகு விற்க வேண்டும்.

தனிப் பங்குகளின் ஆப்ஷனில் இன்னொரு ஆபத்து. அவை பணமாகத் தீர்க்கப்படுவதில்லை, பங்காகவே கைமாறும். 1,400 ரூபாய் ஸ்ட்ரைக், 500 பங்கு லாட் கொண்ட ஒரு காலைப் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கியவர், எக்ஸ்பைரி அன்று பங்கு 1,402-ல் முடிந்தால் 7 லட்சம் ரூபாய் கட்டிப் பங்குகளை எடுத்தாக வேண்டும். மறுநாள் பங்கு 50 ரூபாய் சரிந்தால் 25,000 ரூபாய் நஷ்டம் புதிதாகச் சேரும். 'கொடுத்த பிரீமியத்துக்கு மேல் போகாது' என்ற கணக்கு எக்ஸ்பைரியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு அவர் ஆப்ஷன் வைத்திருப்பவர் அல்ல, 500 பங்குகளுக்குச் சொந்தக்காரர். அந்தப் பணம் கையில் இல்லாதவர் எக்ஸ்பைரிக்கு முன்பே விற்று வெளியேறிவிட வேண்டும்.